"ஆனால்" என்று தொடங்கலாமா?

எழுதப் பழகும் மாணவர்க்கு நாம் சொல்லித்தரும் விதிகளுள், காரணம் கூறாமலே கைமாறி வருவது ஒன்று உண்டு. "மேலும், ஆனால், ஆகவே என்னும் சொற்களால் வாக்கியத்தைத் தொடங்காதே" என்பதே அது. கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட அந்தச் சொற்கள், மாணவர் வளர்ந்து பணிக்குச் சென்ற பின்னும் அவர்கள் கையை நடுங்க வைக்கின்றன. அலுவலகத்திற்கு ஒரு மின்னஞ்சல் எழுத அமர்ந்தால், "ஆனால்" என்று தொடங்குவது பிழையோ என்று ஐயுறுகின்றனர். சிலர் அவ்வையத்தால் மூன்று வாக்கியங்களை ஒன்றாகப் பின்னி, முடிவு தெரியாத நெடுந்தொடராக்கி அனுப்புகின்றனர். வேறு சிலர் விதியை முற்றிலும் உதறிவிட்டு, வாக்கியந்தோறும் "மேலும்" என்று எழுதிக் குவிக்கின்றனர். இவ்விரு நிலைக்கும் இடையே நெறியான வழி ஒன்று இருக்கின்றதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இவ்விதி நம் பினாங்கில் எவ்வாறு வேரூன்றியது? நாம் மூன்று மொழிகளில் மடல் எழுதுகின்றவர்கள். வங்கிக்கும் நிறுவனத்திற்கும் ஆங்கிலம். அரசு அலுவலகத்திற்கு மலாய். சங்கத்திற்கும் பெற்றோர்க்கும் தமிழ். ஒரு மொழி வகுப்பில் கேட்ட விதியை மற்றொரு மொழிக்கும் உரியதாகக் கொள்வது இச்சூழலில் எளிதாக நிகழ்ந்துவிடும். ஆகவே முதலில் அந்தந்த மொழியில் அவ்விதியின் நிலை என்ன என்று காண்போம்.

ஆங்கிலத்தில் 'அண்ட்', 'பட்', 'சோ' ஆகிய சொற்களால் வாக்கியத்தைத் தொடங்கலாகாது என்பது பள்ளிக்கூட விதியேயன்றி இலக்கண விதி அன்று. ஜார்ஜ் டவுனில் 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலை நிறுவிய ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் ஒரு சமயகுரு. அவர் காலத்துச் சமயகுருமார் ஓதிய ஆங்கிலத் திருமறை 1611இல் வெளிவந்த பெயர்ப்பு. அதன் முதல் நூலின் முதல் அதிகாரத்தில் 31 வசனங்கள் உள்ளன. அவற்றுள் 29 வசனங்கள் 'அண்ட்' என்றே தொடங்குகின்றன. ஒன்று 'சோ' என்று தொடங்குகின்றது. எஞ்சிய முதல் வசனம் மட்டுமே வேறு சொல்லால் தொடங்குகின்றது. ஆங்கில உரைநடையின் உயர்ந்த சான்றுகளுள் ஒன்றெனப் போற்றப்படும் நூலின் நிலை இது. ஃபவுலர் 1926இல் எழுதிய ஆங்கில வழக்கு அகராதியை 1965இல் சர் எர்னஸ்ட் கவர்ஸ் திருத்தி வெளியிட்டபோது, 'அண்ட்' கொண்டு தொடங்குவது குற்றம் என்னும் எண்ணத்தை மூடநம்பிக்கையின் வரிசையில் வைத்துவிட்டார்.

அவ்வாறாயின் ஆசிரியர்கள் ஏன் அதனைத் தடுத்தனர்? சிறுவர் எழுதும் கட்டுரையைப் படித்தவர்க்குக் காரணம் விளங்கும். "நாங்கள் கடற்கரைக்குச் சென்றோம். அப்புறம் நண்டு பிடித்தோம். அப்புறம் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம்" என்று குழந்தை ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டே போகும். அப்பழக்கத்தை நிறுத்த ஆசிரியர் இட்ட வேலியே இவ்விதி. பயிர் வளர்ந்த பின் வேலியின் தேவை குறைகின்றது.

மலாய் மொழியின் நிலை சற்று வேறு. பள்ளி மலாயில் 'டான்', 'தெதாப்பி' என்னும் சொற்களை வாக்கியத்தின் தலையில் வைப்பதில்லை. அவை ஒரே வாக்கியத்தினுள் இரு பகுதிகளை இணைப்பவை என்று கற்பிக்கின்றனர். முற்றுப்புள்ளியைக் கடந்து தொடர்பு காட்ட வேண்டுமானால் 'நாமுன்', 'செலைன் இத்து', 'ஓலே இத்து' போன்ற சொற்களை ஆளுமாறு சொல்கின்றனர். அரசு மடல்களில் பத்திகளுக்கு எண்ணிட்டு, 'ஓலே யாங் டெமிக்கியான்' என்று வேண்டுகோள் பத்தியைத் தொடங்குவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆகவே மலாயிலும் தொடர்புச் சொல்லால் தொடங்குவது தடை அன்று. எந்தச் சொல்லால் தொடங்குவது என்பதற்கே அங்கு வரையறை உண்டு. பழைய மலாய் உரைநடையிலோ அந்த வரையறையும் இல்லை. முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு 1849இல் அச்சேறியது. அதில் 'மாக்கா' என்னும் சொல் வாக்கியந்தோறும் தலைவாயிலில் நின்று, முற்றுப்புள்ளியின் வேலையையும் தானே செய்கின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். இங்குதான் கற்பிப்போர் கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு இருக்கின்றது.

ஆங்கிலத்தின் 'அண்ட்' என்பதற்குத் தமிழில் நேராக நிற்பது 'உம்' என்னும் இடைச்சொல். "ஆசிரியரும் மாணவரும் வந்தனர்" என்பதில் அது சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும், தனித்து நடக்கும் இயல்பு அதற்கு இல்லை என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. உம்மைக்கு அந்நூல் கூறும் எட்டுப் பொருள்களுள் எண்ணுப்பொருள் ஒன்று. ஆகவே 'உம்' என்று ஒரு தமிழ் வாக்கியத்தைத் தொடங்க எவராலும் இயலாது. தடுக்க விதியே தேவையில்லை. இந்நாளில் 'உம்' இருக்க வேண்டிய இடத்தில் 'மற்றும்' என்பதைப் பெய்வது மொழிபெயர்ப்பால் பெருகிய வழக்கு. அதனை வாக்கியத்தின் தலையிலும் வைத்து, "மற்றும் கூட்டம் மாலை 5 மணிக்கு நடைபெறும்" என்று எழுதுகின்றனர். இது ஒன்று மட்டும் எவ்வகை மடலிலும் ஏற்கத் தகாதது. அவ்விடத்தில் வேண்டியது 'மேலும்' ஆகலாம். பெரும்பாலும் எச்சொல்லும் வேண்டியதில்லை.

'மேலும்', 'ஆனால்', 'ஆகவே', 'எனவே' ஆகியவற்றின் பிறப்போ வேறு. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் இவற்றின் இயல்பு புலப்படும். 'மேலும்' என்பது மேல் என்பதோடு உம் சேர்ந்தது. முன்னே ஒன்று இருக்க, அதன்மேல் இன்னொன்றை வைப்பது. 'ஆனால்' என்பது ஆகு என்னும் வினையின் நிபந்தனை எச்சம். "நாளை மழையானால்" என்று சொல்லும்போது அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அதுவே நாளடைவில் மாறுபாட்டைக் குறிக்கும் சொல்லாகவும் ஆயிற்று. 'ஆகவே' என்பது "அது அவ்வாறு ஆக" என்பதன் சுருக்கம். 'எனவே' என்பது "அவ்வாறு என" என்பதன் சுருக்கம். சுருங்கக் கூறின், இவை ஒவ்வொன்றும் முன் வாக்கியம் முழுவதையும் தன்னுள் மடித்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறு எச்சமாகும்.

தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை இறுதியில் வரும். "அவர் வந்தார்" என்றவுடன் பேச்சு முடிந்துவிட்டது. அதற்குப்பின் "ஆனால்" என்றால், அது ஏற்கெனவே முடிந்த பேச்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடுத்ததைத் தொடங்குகின்றது. தொடக்கத்தில் நிற்பதே அதன் பிறப்பிடம். அதன் முன் முற்றுப்புள்ளி இடுவதா, காற்புள்ளி இடுவதா என்பது அச்சுக் காலத்துக் கேள்வி. ஓலைச்சுவடிகளில் இன்று நாம் இடும் நிறுத்தக் குறிகள் இல்லை. அவை ஐரோப்பியர் வழியே அச்சோடு வந்தவை. ஆதலால் "ஆனால் என்று வாக்கியத்தைத் தொடங்காதே" என்னும் விதி தமிழ் இலக்கணத்தில் எழுவதற்கே இடமில்லை.

இலக்கணம் இசைவு தருகின்றது என்பதால் எங்கும் எழுதிவிடலாம் என்று பொருளாகாது. பிழையின்மை வேறு, பொருத்தம் வேறு. அலுவல் மடலில் எது பொருத்தம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், ஒரு மொழிக் கழகத்திற்கு வரும் மடல்களையும் அதிலிருந்து செல்லும் மடல்களையும் பார்த்துத் தரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒருநாள் இளம் ஆசிரியை ஒருவர், தாம் ஒரு மண்டபப் பொறுப்பாளருக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலைக் காட்டி, "ஐயா, இதில் ஏதோ இடறுகின்றது, எங்கே என்றுதான் தெரியவில்லை" என்றார். மடல் இதுதான்:

"எங்கள் பள்ளியின் பேச்சுப் போட்டி ஜூலை 11ஆம் நாள் நடைபெறும். மேலும் அதற்குத் தங்கள் மண்டபம் தேவைப்படுகிறது. ஆனால் எங்களிடம் வாடகைக்குப் பணம் இல்லை. ஆகவே வாடகையைக் குறைக்க வேண்டும். மேலும் 120 நாற்காலிகளும் ஓர் ஒலிபெருக்கியும் தேவை. ஆனால் மண்டபத்தைக் காலை 8 மணிக்கே திறக்க வேண்டும்."

ஆறு வாக்கியங்கள், அவற்றுள் ஐந்து தொடர்புச் சொல்லால் தொடங்குகின்றன. "ஐந்தையும் எடுத்துவிடட்டுமா, ஐயா?" என்று அவர் கேட்டார். "எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், அம்மா. ஒவ்வொன்றையும் நிறுத்தி, நீ சொல்லும் தொடர்பு முன் வாக்கியத்தில் இருக்கின்றதா என்று கேட்டுப் பார்ப்போம்" என்றேன்.

முதல் 'மேலும்' கேள்விக்கு நிற்கவில்லை. மண்டபம் வேண்டும் என்பதே மடலின் நோக்கம். நோக்கத்தைப் போய் ஒரு சேர்க்கைபோலக் காட்டுகின்றது அச்சொல். இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக்கினால் அதற்கு வேலையே இராது.

அடுத்த 'ஆனால்' உண்மையான திருப்பத்தைக் காட்ட வந்தது. ஆயினும் எதிலிருந்து திரும்புகின்றோம் என்பது மடலில் இல்லை. வாடகை எவ்வளவு என்பதையே ஆசிரியை எழுதவில்லை. கேட்டபோது 600 ரிங்கிட் என்றார். போட்டிக்கென ஒதுக்கியது 450 ரிங்கிட், அதில் பரிசுகளுக்கு 150 போகும் என்றும் சொன்னார். முன் வாக்கியத்தில் 600 என்பது வந்துவிட்டால், 450 என்பதைச் சொல்லும் வாக்கியம் 'ஆனால்' என்று தொடங்குவது முறையே. படிப்பவர் அந்த ஒரு சொல்லிலேயே வரவிருக்கும் குறையை உணர்ந்துகொள்வார்.

'ஆகவே' என்பதுதான் மூன்றனுள்ளும் கவனமாகக் கையாளத் தக்கது. அது காரணத்திலிருந்து முடிவு தானே பிறந்ததாக உறுதி கூறும் சொல். எங்களிடம் பணம் இல்லை என்பதிலிருந்து, நீங்கள் வாடகையைக் குறைக்க வேண்டும் என்பது தானே பிறக்காது. எங்கள் இல்லாமை எங்கள் வேண்டுகோளுக்குக் காரணமாகலாமே தவிர, பிறர் கடமைக்குக் காரணமாகாது. 'ஆகவே' என்று தொடங்கி 'வேண்டும்' என்று முடித்ததால் அவ்வாக்கியம் கட்டளையாக ஒலித்தது. ஆசிரியைக்கு இடறிய இடம் இதுவே. குறை 'ஆகவே' என்னும் சொல்லில் இல்லை. காரணம் முழுமை பெறாததிலும் முடிக்கும் வினையிலும் இருந்தது. 450இல் 150 போனால் 300 என்று கணக்குத் தெரிந்த பின், 300 ரிங்கிட் வாடகைக்கு இயலுமா என்று கேட்கும் வாக்கியம் 'ஆகவே' என்று தொடங்கினால், அதில் அதட்டல் இல்லை. படிப்பவர் கணக்கைத் தாமே தொடர்ந்து வந்திருப்பார்.

நாற்காலியைப் பற்றிய 'மேலும்' உண்மையான சேர்க்கை. மண்டபம் முதன்மை, நாற்காலியும் ஒலிபெருக்கியும் அதன்மேல் வைப்பவை. அது நிற்கலாம். இறுதி 'ஆனால்' எதற்கும் மாறாக நிற்கவில்லை. நாற்காலி வேண்டும் என்பதற்கும் 8 மணிக்குத் திறக்க வேண்டும் என்பதற்கும் முரண் ஏது? அங்கே உள்ளே ஒளிந்திருந்தது காரணத் தொடர்பு. அது எச்சத்தால் வெளிப்பட வேண்டியது. திருத்திய மடல் இவ்வாறு அமைந்தது:

"எங்கள் பள்ளியின் பேச்சுப் போட்டியை ஜூலை 11ஆம் நாள் தங்கள் மண்டபத்தில் நடத்த இசைவு தருமாறு வேண்டுகிறோம். மண்டபத்தின் ஒருநாள் வாடகை 600 ரிங்கிட் என்று அறிகிறோம். ஆனால் போட்டிக்கென எங்களிடம் உள்ள தொகை 450 ரிங்கிட். அதில் 150 ரிங்கிட் பரிசுகளுக்கு உரியது. ஆகவே 300 ரிங்கிட் வாடகையில் மண்டபத்தைத் தர இயலுமா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். போட்டி காலை 9 மணிக்குத் தொடங்குவதால், மண்டபம் 8 மணிக்கே திறந்திருப்பின் உதவியாக இருக்கும். மேலும், 120 நாற்காலிகளும் ஓர் ஒலிபெருக்கியும் தேவைப்படும்."

இப்போது ஏழு வாக்கியங்கள். தொடர்புச் சொல்லால் தொடங்குபவை மூன்று. எஞ்சிய மூன்றும் ஆளுக்கொரு வேலையைச் செய்கின்றன. ஒன்றை எடுத்தாலும் மடலில் ஓர் இடம் தளர்ந்துவிடும். எடுத்துப் பார்ப்பதுதான் எளிய சோதனை. சொல்லை எடுத்த பின்னும் பொருள் குறையவில்லையானால் அது இருக்க வேண்டியதில்லை. எடுத்தவுடன் இரு வாக்கியங்களும் ஒன்றையொன்று அறியாதவைபோல நின்றால், அதனை மீண்டும் வைத்துவிட வேண்டும்.

தமிழ் எழுதுவோர்க்கு இங்கே கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. முற்றுவினையை எச்சமாக்கித் தொடர்பை வாக்கியத்தினுள்ளே அடக்கிவிடலாம். "மழை பெய்தது. ஆனால் கூட்டம் நடந்தது" என்பதை "மழை பெய்தபோதிலும் கூட்டம் நடந்தது" என்றும், "மழை பெய்தது. ஆகவே கூட்டம் தள்ளிப்போயிற்று" என்பதை "மழை பெய்ததால் கூட்டம் தள்ளிப்போயிற்று" என்றும் எழுதலாம். இரண்டில் எதனைத் தேர்வது? முன் செய்தி சிறியதாகவும் படிப்பவர் அறிந்ததாகவும் இருப்பின் எச்சம் போதும். முன் செய்தி தனியே ஏற்கப்பட வேண்டியதாக, தொகையோ நாளோ உடையதாக இருப்பின் அதனை முற்றாக நிறுத்தி, அடுத்த வாக்கியத்தைத் தொடர்புச் சொல்லால் தொடங்குவதே தெளிவு. மேலே கண்ட மடலில் 600 ரிங்கிட் என்பதை எச்சத்தில் புதைத்திருந்தால், பொறுப்பாளர் அதனைத் தேடிப் படிக்க நேர்ந்திருக்கும்.

மாறுபாட்டைச் சொல்லும் சொற்களுக்குள்ளும் தரம் உண்டு. 'ஆனால்' வெறுமனே திருப்புகின்றது. 'எனினும்', 'ஆயினும்' என்பவற்றில் உம்மை இருப்பதால், முன் கூறியதை ஒப்புக்கொண்டு பின் திரும்புகின்றன. மேலிடத்தார் கருத்துக்கு மாறாக எழுத நேரும்போது, "தாங்கள் கூறிய காரணம் பொருத்தமானதே. எனினும்" என்று தொடர்வது, அதே செய்தியை 'ஆனால்' கொண்டு தொடர்வதினும் பணிவாக ஒலிக்கும்.

மின்னஞ்சலுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. தாள் மடல் முழுமையாகவே ஒருவர் கைக்குச் செல்லும். மின்னஞ்சலோ ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் திருப்பி அனுப்பப்படும். அதில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு மடலில் ஒட்டுவதும் உண்டு. கைப்பேசித் திரையில் முதல் வரி மட்டுமே தெரிந்து எஞ்சியவை மறைந்திருப்பதும் உண்டு. ஆகையால் மடலின் முதல் வாக்கியத்தை இச்சொற்களால் தொடங்கலாகாது. மறுமொழி எழுதும்போது முன் மடல் கீழே இணைந்திருக்கின்றதே என்று எண்ணி, "ஆனால் அந்த நாள் எங்களுக்கு ஒவ்வாது" என்று தொடங்குவோர் உளர். அந்த மறுமொழி மூன்றாம் மனிதரிடம் போய்ச் சேரும்போது, எந்த நாள், யார் சொன்னது என்பது அவர்க்குத் தெரியாது. "போட்டியை ஜூலை 18ஆம் நாளுக்கு மாற்றுமாறு எழுதியிருந்தீர்கள். ஆனால் அன்று எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா" என்று எழுதினால், 'ஆனால்' சார்ந்து நிற்கும் செய்தி அதன் பக்கத்திலேயே இருக்கும். பத்தித் தொடக்கத்திற்கும் இதுவே பொருந்தும். ஒரு பத்தி 'ஆகவே' என்று தொடங்குமாயின், அடுத்து வருவது எதன் முடிவு என்பதை அப்பத்தியிலேயே ஒரு தொடரால் குறித்துவிடுவது நல்லது: "ஆகவே, வாடகை குறித்து" என்பதுபோல.

வகுப்பறையில் இதனை எவ்வாறு சொல்லித்தருவது? கீழ் வகுப்பு மாணவர்க்குப் பழைய வேலி இருக்கட்டும். 'அப்புறம்' என்னும் கயிறு அறுபடுவதற்கு அது உதவும். மேல் வகுப்பு மாணவர்க்கோ, தடை விதிப்பதைவிடக் கேள்வி கேட்பது பயன் தரும். ஏட்டில் 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால், அடிக்காமல் அதன் ஓரத்தில் "எதற்கு மாறாக?" என்று எழுதலாம். 'ஆகவே' என்பதன் ஓரத்தில் "எதனால்?" என்றும், 'மேலும்' என்பதன் ஓரத்தில் "எதன்மேல்?" என்றும் எழுதலாம். மாணவர் முன் வாக்கியத்தில் விரல் வைத்து விடையைக் காட்டிவிட்டால் அச்சொல் இருக்கட்டும். காட்ட இயலாவிடின், அச்சொல்லைத் தாமே அடித்துவிடுவார். அல்லது முன் வாக்கியத்தில் விடுபட்டதை எழுதிச் சேர்ப்பார். ஆசிரியரின் சிவப்பு மை செய்ய வேண்டிய வேலை அவ்வளவே.